‘சுற்றுவட்டாரம்’ என்றால் எதுவரை?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாட்ஸப்பைத் திறந்தால் இப்படி ஒரு செய்தி கண்ணில் படும். மேலே வாழையிலையில் பரிமாறிய சாப்பாட்டின் படம். கீழே வாசகம்: “வணக்கம் மக்களே! அம்மா கைப்பக்குவத்தில் சுடச்சுட வீட்டுச் சாப்பாடு! இந்த வார மெனு ரெடி. முன்கூட்டியே ஆர்டர் செய்யுங்கள். நங்கநல்லூர் மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகளுக்கு டெலிவரி உண்டு. நியாயமான விலை. விவரங்களுக்கு இன்பாக்ஸ்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராலும் ஆர்டர் கொடுக்க முடியாது. முன்கூட்டியே என்றால் எப்போது? சுற்றுவட்டாரம் என்றால் எதுவரை? நியாயம் என்றால் எத்தனை ரூபாய்? மூன்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பவர் ஒருவர் என்றால் பரவாயில்லை. முப்பது பேர் கேட்டால், சாம்பாரைத் தாளிக்கும் நேரத்தில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன் என்று நிற்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு விலகிப் போனவர்களின் கணக்கோ தெரியவே தெரியாது.

வீட்டுச் சமையலறையிலிருந்து சமைத்து அனுப்பும் தொழிலில் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, கல்லாவில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் இல்லை. வாரம் ஒருமுறை போடும் இந்தச் சின்ன வாசகம்தான் கடையின் முகப்பு. அதில் மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால் போதும்: எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், எங்கே வரும், எவ்வளவு. இந்த மூன்றும் எழுதும்போது யோசிக்க வேண்டியவை அல்ல. அடுப்படியிலும் வண்டியிலும் கணக்கு நோட்டிலும் முன்பே முடிவாகியிருக்க வேண்டியவை. அங்கே முடிவாகாததால்தான் எழுத்தில் ‘சுற்றுவட்டாரம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஓர் உதாரணச் சமையலறையை வைத்துப் பார்த்துவிடலாம். சென்னை நங்கநல்லூரில், ஆஞ்சநேயர் கோயில் பக்கம் ஒரு வீடு. சைவச் சாப்பாடு மட்டும். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம், நாளுக்கு இருபது சாப்பாடு. சமைப்பது வீட்டம்மா. காய் நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் ஒரு உதவியாள். பார்சலைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஸ்கூட்டியில் வீட்டுக்காரர்.

முதலில் நேரம். பலர் இதை மனம்போன போக்கில் வைக்கிறார்கள். காலை எட்டு மணி வரை சொல்லலாம் என்று போட்டால் நிறைய ஆர்டர் வரும் என்று ஓர் ஆசை. ஆனால் கடைசி நேரத்தைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். வண்டி பதினொன்றரைக்குக் கிளம்பினால்தான் முதல் வீட்டுக்குப் பன்னிரண்டுக்குள் போகும். அதற்குப் பதினொன்றுக்குச் சமையல் முடிந்து, அரை மணி நேரத்தில் பார்சல் கட்ட வேண்டும். இருபது பேருக்குச் சாதம், குழம்பு, ரசம், ஒரு பொரியல் அல்லது கூட்டு என்றால் வீட்டு அடுப்பில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஆக, எட்டு மணிக்கு அடுப்புப் பற்ற வேண்டும். பீன்ஸும் கோஸும் அதற்கு முன்பே நறுக்கித் தயாராக இருக்க வேண்டும். அதாவது முந்தின நாள் இரவே. நறுக்க வேண்டுமென்றால் எட்டு மணிக்குள் காய் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். காய் வாங்கக் கிளம்பும்போது எத்தனை பேர் என்று தெரிந்திருக்க வேண்டும். இப்படி வந்து நிற்கும் இடம் முந்தின நாள் மாலை ஏழு மணி.

ஏழு என்பது இந்த வீட்டின் விடை. உங்கள் தெருவில் காய்க்கடை காலை ஆறுக்கே திறக்கும், கூட நறுக்க இருவர் இருக்கிறார்கள் என்றால் உங்கள் விடை ஒன்பது ஆகலாம். காலை எட்டு என்று போட்டால் மட்டும் நடப்பது ஒன்றே: ஆர்டர் வருவதற்கு முன்பே உத்தேசமாக இருபது பேருக்கு வாங்கிச் சமைக்க ஆரம்பித்திருப்பீர்கள். பதினாறுதான் வந்தது என்றால் மீதி நான்கு வீட்டார் தலையில் விழும். மறுநாளும் அப்படியே ஆனால் ரசத்தைப் பார்த்தாலே பிள்ளைகள் ஓடும்.

எல்லாப் பண்டத்துக்கும் ஒரே கடைசி நேரம் சரிப்படாது. புதன்கிழமை கத்தரிக்காய் ரசவாங்கி என்றால் கொண்டைக்கடலையை இரவு ஒன்பதுக்கு ஊறப்போட்டால் போதும், மாலை ஏழு தாராளம். ஆனால் அதே வீடு ஞாயிறு காலை இட்லியும் தர நினைத்தால் கதை வேறு. அரிசியும் உளுந்தும் நாலு மணி நேரம் ஊற வேண்டும், அரைக்க ஒரு மணி நேரம், புளிக்க இரவு முழுக்க. ஞாயிறு ஆறு மணிக்கு இட்லிப் பானை ஏற வேண்டுமென்றால் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கே அரிசி தண்ணீரில் இருக்க வேண்டும். அங்கே ‘முந்தின நாள் மாலை 7’ என்று பொதுவாகப் போட்டால், ஏழு மணிக்கு வரும் ஆர்டருக்கு மாவு இருக்காது. மார்கழியில் மாவு புளிக்க இன்னும் நேரம் எடுக்கும். அதனால் டிபனுக்குத் தனியாக ஒரு வரி, தனியாக ஒரு நேரம்.

நேரம் முடிவான பிறகும் எழுதுவதில் சறுக்கல் உண்டு. ‘நாளைக்கான ஆர்டர் இன்றிரவுக்குள்’ என்று எழுதிய செய்தியை ஒருவர் இரண்டு நாள் கழித்துத் தன் அபார்ட்மென்ட் குழுவில் பகிர்கிறார். அங்கே படிப்பவருக்கு நாளை என்பது வேறு நாள். ‘சனி இரவு 12 மணி வரை’ என்பது அதைவிட மோசம். போனைக் கேட்டால் சனிக்கிழமையின் 12 மணி வெள்ளிக்கிழமை இரவு தூங்கும்போதே வந்து போய்விட்டது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் பொழுது விடியும்வரை வெள்ளிக்கிழமைதான். அவர்களுக்குச் சனி இரவு 12 என்பது ஞாயிறு விடிவதற்கு முன். ஒரே வரியை ஒருவர் ஒரு முழு நாள் தள்ளிப் புரிந்துகொள்கிறார். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பன்னிரண்டைத் தொடாமல், கிழமை, தேதி, பொழுது மூன்றையும் சேர்த்து எழுதிவிடலாம்: ‘ஞாயிறு, ஜூலை 5, மாலை 7 மணிக்குள்.’ இரவு பன்னிரண்டு வரை போனைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்க எந்தச் சமையல்காரருக்கும் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

ஆர்டர் எப்போது ஆர்டர் ஆகிறது என்பதும் இந்த வரியில்தான் அடங்கும். “அக்கா, எனக்கு ரெண்டு வெச்சிடுங்க” என்று ஆறரைக்கு ஒரு குரல் செய்தி. பணம் வரவில்லை. காலையில் “சாரிக்கா, ஊருக்குக் கிளம்பிட்டோம்.” இரண்டு சாப்பாடு போயிற்று. ஜி-பேயிலோ வேறு வழியிலோ பணம் வந்த பிறகே கணக்கில் சேரும், ரத்து செய்வதற்கும் அதே ஏழு மணிதான் எல்லை என்று ஒரு வாக்கியம் இருந்தால் அக்காவுக்கும் சங்கடமில்லை, கேட்பவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஏழேகாலுக்கு வரும் ஆர்டரை என்ன செய்வது? எடுத்துக்கொள்ளலாம்தான். ஒரு சாப்பாடு கூடினால் குடிமுழுகிப் போய்விடாது. ஆனால் எடுத்துக்கொண்டால் அந்த வீட்டுக்கு உங்கள் நேரம் ஏழேகால் ஆகிவிடும், அடுத்த வாரம் ஏழரை. நான் பார்த்தவரை நேரத்தைக் காப்பாற்றுகிறவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். தினமும் இரண்டு சாப்பாடு கூடுதலாகச் சமைக்கிறார்கள். அதை வாசகத்தில் எழுதுவதில்லை. தாமதமாகக் கேட்பவரிடம் “இன்னிக்கு முடிஞ்சுதும்மா, காலைல மிச்சம் இருந்தா நானே சொல்றேன்” என்கிறார்கள். பதினொன்றுக்கு அவர்களே செய்தி போடுகிறார்கள். நேரமும் நிற்கிறது, சாப்பாடும் விற்கிறது.

அடுத்தது இடம். ‘5 கிலோமீட்டருக்குள் டெலிவரி’ என்பது பார்ப்பதற்குத் துல்லியமானது போலத் தெரியும். நங்கநல்லூரில் காம்பஸை ஊன்றி அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். மேற்கே ஒரு பெரிய துண்டு விமான நிலையத்துக்குள் போய்விடும். ஓடுதளத்தில் யாருக்கும் வத்தக்குழம்பு வேண்டியிருக்காது. ஊரின் மேற்கு ஓரத்தில் கடற்கரை–தாம்பரம் ரயில் பாதை. அதைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. சாலை. அந்தப் பக்கம் போகப் பழவந்தாங்கல் சுரங்கப்பாதைதான் கைக்கெட்டும் வழி. ஒரு நல்ல மழை பெய்தால் அதில் தண்ணீர் நின்றுவிடும். படத்தில் ஒரு கிலோமீட்டரில் தெரியும் வீட்டுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கிழக்கே மடிப்பாக்கம், உள்ளகரம், புழுதிவாக்கம் பக்கம் போனால் தண்டவாளம் குறுக்கே வராது, அதே தூரம் சுலபமாகப் போய்விடலாம். கிலோமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

பின்கோடு போடலாமே என்பார்கள். 600061 என்றால் நங்கநல்லூர் என்று ஊருக்கே தெரியும். ஆனால் மடிப்பாக்கத்துக்கும் உள்ளகரத்துக்கும் புழுதிவாக்கத்துக்கும் சேர்த்து 600091 ஒன்றுதான். உள்ளகரத்துக்கு மட்டும் கொடுக்க நினைத்து 91 என்று எழுதினால் மடிப்பாக்கத்தின் கடைக்கோடி வரை வாக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். ஊர்ப்பெயரும், எல்லைக்கு ஓர் அடையாளமும் இருப்பதே நல்லது: ‘பழவந்தாங்கல் – ஸ்டேஷனுக்குக் கிழக்கே மட்டும்.’ இந்த நான்கு சொற்கள் வாரத்துக்கு எத்தனையோ கேள்விகளை மிச்சப்படுத்தும்.

உண்மையில் எல்லையை முடிவு செய்வது தூரம்கூட இல்லை, வீடுகளின் எண்ணிக்கை. இருபது சாப்பாடு பதினான்கு வீடுகளுக்குப் போகிறது என்று வையுங்கள். சில வீட்டில் இரண்டு வாங்குவார்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக மூன்று நிமிடம். வண்டியை நிறுத்தி, காவலாளியிடம் சொல்லி, மூன்றாவது மாடிக்கு ஏறி, காலிங்பெல் அடித்து, பையைக் கொடுத்து இறங்க இன்னொரு மூன்று நிமிடம். வீட்டுக்கு ஆறு நிமிடம், பதினான்கு வீட்டுக்கு எண்பத்து நான்கு நிமிடம். பதினொன்றரைக்குக் கிளம்பினால் கடைசி வீட்டு மணியை அடிக்கும்போது ஒரு மணி ஆகப்போகிறது. சமையல் முடிந்தது பதினொன்றுக்கு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடிப்படை விதி. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் மயிரிழையில் நுழைந்திருக்கிறோம்.

இப்போது வேளச்சேரியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: “அக்கா, ஒரே ஒரு சாப்பாடு, கொஞ்சம் தூரம்தான், வருமா?” போக இருபது நிமிடம், திரும்ப இருபது. நடுவில் இதைச் செருகினால் பின்னால் இருக்கும் வீடுகள் எல்லாம் நாற்பது நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்கப்போய் ஆறு வீட்டில் முகம் சுளிப்பார்கள். அதுவும் சூடு ஆறிய சாம்பார் சாதத்தோடு. ஆகவே வேளச்சேரிக்காரருக்கு வேறு வழி வைக்க வேண்டும்: பதினொன்றே காலுக்குப் பார்சல் தயாராக இருக்கும், அவரே ராபிடோவோ போர்ட்டரோ புக் செய்து எடுத்துக்கொள்ளலாம், வண்டிக் கூலி அவருடையது. இது வாசகத்தில் ஒரு வரி. ‘வராது’ என்று எழுதுவதைவிட ‘இப்படி எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதுவதில் ஆள் கைவிட்டுப் போவதில்லை.

இடத்தோடு சேர்த்து நேரமும் சொல்ல வேண்டும். சரியாக மணி சொல்லி மாட்டிக்கொள்ளாமல், ‘11.30 முதல் 1.00க்குள்’ என்று ஒரு இடைவெளி. ஆபீஸில் ஒன்றுக்குச் சாப்பாட்டு மணி அடிப்பவர் இதைப் பார்த்து முடிவெடுத்துக்கொள்வார்.

மூன்றாவது விலை. ‘விலைக்கு இன்பாக்ஸ்’ என்று போடுவதன் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. விலையைப் பார்த்தவுடன் ஓடிவிடுவார்களோ, பக்கத்துத் தெருக்காரர் பார்த்துவிட்டுப் பத்து ரூபாய் குறைத்துப் போடுவாரோ என்று. ஓடுகிறவர் இன்பாக்ஸில் கேட்ட பிறகும் ஓடுவார். பக்கத்துத் தெருக்காரர் தம் மைத்துனரை விட்டு இன்பாக்ஸில் கேட்டுக்கொள்வார். மறைப்பதால் எதுவும் காப்பாற்றப்படுவதில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகம்தான் மிச்சம்.

120 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ளவை உதாரண விலைகள். உங்கள் மளிகைக்கடைச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு அரிசி இரண்டரைக் கிலோ 150 ரூபாய், பருப்பு வகை 90, காய் 200, எண்ணெய் 45, மோருக்குத் தயிர் 90, அப்பளம் 30, தேங்காய் புளி மற்ற மளிகை 120. கூட்டினால் 725. தலைக்கு 36 ரூபாய். இங்கே நிறுத்திவிட்டு, ‘36 ரூபாய்ச் சாப்பாட்டை 80க்கு விற்றால் பாதிக்கு மேல் லாபம்’ என்று தொழிலில் இறங்குகிறவர்கள்தான் ஆறே மாதத்தில் மூடுகிறார்கள்.

டப்பா நான்கு, மூடி, மேலே ஒரு பை, 16 ரூபாய். எரிவாயு 5. உதவியாளுக்கு நாள் சம்பளம் 400 என்றால் தலைக்கு 20. பெட்ரோல், சோப்பு, சில்லறை 3. மொத்தம் 80. அதாவது 80க்கு விற்றால் வீட்டம்மா காலையிலிருந்து அடுப்பில் வெந்ததற்கும் வீட்டுக்காரர் பதினான்கு மாடிப்படி ஏறியதற்கும் கூலி பூஜ்யம். 120க்கு விற்றால் தலைக்கு 40 மிஞ்சும், இருபதுக்கு 800.

எரிவாயுவில் ஒரு குறிப்பு. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரச் சமையலுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர் தனியாக இருக்கிறது, விலையும் கூடுதல். வீட்டு சிலிண்டர் விலையை வைத்துக் கணக்குப் போட்டு விலையைக் குறைத்தவர், முறைப்படி மாறும் நாளில் கையைக் கடித்துக்கொள்வார். முதல் நாளே வணிக சிலிண்டரின் விலையை வைத்துப் போடுவது நல்லது.

இதே கணக்கை ஆர்டர் குறைந்த நாளில் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டே சாப்பாடு. மளிகையும் டப்பாவும் தலைக்கு அதேதான், 52. ஆனால் உதவியாளின் 400 ரூபாய் குறையாது, தலைக்கு 33 ஆகிவிடும். எரிவாயு 7, சில்லறை 4. மொத்தம் 96. மிச்சம் 24, பன்னிரண்டுக்கு 288. ஆர்டர் பாதிகூடக் குறையவில்லை, வருமானம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இந்தத் தொழிலில் நஷ்டம் விலையில் வருவதைவிட எண்ணிக்கை ஆடுவதில்தான் அதிகம் வருகிறது.

அதனால்தான் வார விலை என்று ஒன்று வைக்கிறார்கள். ஐந்து நாளும் சேர்த்து எடுத்தால் 600க்குப் பதில் 550, ஞாயிறு மாலைக்குள் பணம். சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் குறைகிறது, உண்மைதான். பதிலுக்குப் பத்துப் பேர் வாரச் சீட்டு எடுத்துவிட்டால் ஐந்து நாளும் பத்துச் சாப்பாடு உறுதி. அவர்களிடம் மிஞ்சும் பணத்தைக்கொண்டே மழை நாளையும் மெதுவான செவ்வாய்க்கிழமையையும் தாண்டிவிடலாம். தள்ளுபடி என்பது இங்கே வாடிக்கையாளருக்குச் செய்யும் சலுகை மட்டுமல்ல, எண்ணிக்கையை முன்பே வாங்கும் விலை. இதற்கு மேல் ‘பத்து வாங்கினால் ஒன்று இலவசம்’, ‘நண்பரைச் சேர்த்தால் ஐம்பது ரூபாய்’ என்று அடுக்கினால் நாற்பது ரூபாய் மிச்சத்தில் எதுவும் மிஞ்சாது.

விலையை எழுதும்போது கூடவே அளவையும் எழுத வேண்டும். ‘ஒரு சாப்பாடு’ என்பது ஒருவருக்கு ஒரு கிண்ணம், இன்னொருவருக்கு ஒரு தூக்கு. ‘சாதம் ஒருவருக்கு வயிறார, குழம்பு 200 மில்லி, ரசம் 150 மில்லி’ என்றால் டப்பாவைத் திறந்து ஏமாறுவதில்லை. ‘பேக்கிங் தனி’ என்று கடைசியில் பத்து ரூபாய் ஏற்றுவது 120ஐ 130 ஆக்குகிறது. வாங்குபவர் மனத்தில் 120ம் பொய்யாகிறது. எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாக எழுதலாம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று வசூலிக்கவும் கூடாது. பெரிய ஓட்டல் பில்லைப் பார்த்து அந்த வரியை நகலெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

இன்னொன்று, விலை இந்த வாரத்துக்கு மட்டும் என்று சொல்லிவிடுவது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளிலேயே தக்காளி விற்க வேண்டி வந்தது நினைவிருக்கும். வார மெனுவின் வசதியே இதுதான். தக்காளி எகிறினால் அடுத்த வாரம் வத்தக்குழம்பும் மோர்க்குழம்பும் கூடுதலாகப் போட்டு விலையை ஏற்றாமல் தப்பிக்கலாம். கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் விலை ஏறும்போதும் அப்படியே. வருடம் முழுக்க ஒரே மெனு அட்டையை அச்சடித்து வைத்திருப்பவருக்கு இந்த வழி இல்லை.

இவ்வளவும் முடிவான பிறகு எழுதுவது பத்து நிமிட வேலை. இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் 2,200 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம் என்றாலும், விரலால் தட்டித் திறக்காதவருக்குத் தெரிவது முதல் இரண்டு வரிதான். வாட்ஸப்பும் நீளமான செய்தியை மடித்துத்தான் காட்டும். ஆகவே வணக்கமும் அம்மா கைப்பக்குவமும் அந்த இரண்டு வரியைத் தின்றுவிடக் கூடாது. நம் உதாரணச் சமையலறைக்கு இப்படி எழுதலாம்:

```
*ஜூலை 6 திங்கள் – ஜூலை 10 வெள்ளி. மதிய சாப்பாடு ₹120*
*ஆர்டர்: முந்தின நாள் மாலை 7 மணிக்குள்*
(திங்கள் சாப்பாட்டுக்கு: ஞாயிறு, ஜூலை 5, மாலை 7)

திங்கள்: முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல்
செவ்வாய்: வத்தக்குழம்பு, கீரை மசியல்
புதன்: கத்தரிக்காய் ரசவாங்கி, வாழைக்காய் கறி
வியாழன்: மோர்க்குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட்
வெள்ளி: பருப்பு உருண்டைக் குழம்பு, கோஸ் பொரியல்
தினமும்: சாதம், ரசம், மோர், அப்பளம்
வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை

5 நாளும் சேர்த்து ₹550 (ஞாயிறு, ஜூலை 5, மாலை 7க்குள்)
பேக்கிங், டெலிவரி உட்பட. இந்த வார விலை

டெலிவரி: நங்கநல்லூர், மூவரசம்பட்டு, உள்ளகரம்,
பழவந்தாங்கல் (ஸ்டேஷனுக்குக் கிழக்கே மட்டும்)
நேரம்: 11.30 – 1.00
மற்ற இடங்கள்: நீங்களே வண்டி புக் செய்யலாம்,
பார்சல் 11.15க்குத் தயார்

பணம் வந்ததும் ஆர்டர் உறுதி. ரத்து: அதே மாலை 7 வரை
```

நட்சத்திரக் குறிகள் இரண்டுக்கு நடுவில் எழுதினால் வாட்ஸப்பில் தடித்த எழுத்தாகத் தெரியும். அதை முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லாமே தடித்தால் எதுவும் கண்ணில் படாது. வெங்காயம், பூண்டு வரி நங்கநல்லூருக்காக. அந்த ஊரில் அதைக் கேட்காமல் ஆர்டர் கொடுக்காத வீடுகள் நிறைய. உங்கள் ஊரில் கேட்கும் கேள்வி காரமா, கறியா என்று வேறாக இருக்கும். கடைசியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண்ணைச் சேர்க்க வேண்டும். சின்னத் தொழிலுக்கும் அந்தப் பதிவு கட்டாயம். இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம்.

தேதியைப் படத்துக்குள்ளும் ஒரு மூலையில் எழுதிவிடுங்கள். படத்தை மட்டும் சேமித்து இன்னொரு குழுவில் போடும்போது கீழே எழுதிய வாசகம் கூட வராது. தேதி இல்லாத படம் மூன்று வாரம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். போன மாதப் பருப்பு உருண்டைக் குழம்பு இன்று உண்டா என்று யாரோ கேட்பார்கள். வாட்ஸப்பில் மொத்தமாக எல்லாருக்கும் அனுப்பும் பட்டியலில் ஒரு சிக்கலும் உண்டு. உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புதிதாக வாங்கியவரிடம் எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லாவிட்டால், அடுத்த வாரம் ஏன் வாங்கவில்லை என்று நாம்தான் யோசித்துக்கொண்டிருப்போம்.

வாசகம் சரியாக இருக்கிறதா என்பதை லைக் எண்ணிக்கை சொல்லாது. திரும்பி வரும் கேள்விகள் சொல்லும். போட்ட முதல் இரண்டு மணி நேரத்தில் வரும் செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். “கீழ்க்கட்டளைக்கு வருமா?” என்று நாலு பேர் கேட்டிருந்தால் இட வரி மங்கலாக இருக்கிறது. கீழ்க்கட்டளைக்கு ஒரு சுற்றுப் போகலாமா என்றும் யோசிக்கத் தொடங்கலாம். “ரெண்டு பேர் சாப்பிடலாமா?” என்று கேட்டால் அளவு விட்டுப்போயிருக்கிறது. “இன்னும் எடுக்கறீங்களா?” என்று ஏழு மணிக்கு மேல் தினமும் வந்தால், வரியில் தப்பில்லை. அந்த வரியை நீங்களே எப்போதோ மீறியிருக்கிறீர்கள்.

வாரத்தின் நடுவில் மாற்றம் வராமலும் இருக்காது. கீரை கிடைக்கவில்லை, உதவியாள் வரவில்லை, மழையில் சுரங்கப்பாதை மூடிவிட்டார்கள். வாட்ஸப் செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் மட்டுமே திருத்த முடியும். இன்ஸ்டாகிராம் வாசகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே படித்துவிட்டவர் திரும்ப வந்து பார்க்கமாட்டார். ஆகவே பழையதைச் சத்தமில்லாமல் மாற்றாமல், ‘திருத்தம் – செவ்வாய், ஜூலை 7: கீரை மசியலுக்குப் பதில் சௌசௌ கூட்டு. விலை அதே. வேண்டாம் என்பவர்கள் இன்று மாலை 7க்குள் சொன்னால் பணம் திரும்ப வரும்’ என்று அந்தச் செய்திக்கே பதிலாக இன்னொன்று போடலாம். அதைத் திங்கள் மாலை ஏழு மணிக்கு முன் போட வேண்டும், அதற்குப் பின் போட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்துதான் சொல்ல வேண்டும்.